அட்டையில் ஒன்று, உள்ளே வேறொன்று: பிரோஷர் சரிபார்ப்பு பற்றிய கேள்வி-பதில்

எட்டுப் பக்க பிரோஷரை மூன்று பேர் வரிவரியாகப் படித்தோம். ஒரு எழுத்துப்பிழை இல்லை. அச்சாகி வந்த பிறகுதான் அட்டையில் ஒரு நேரமும் உள்ளே வேறு நேரமும் இருப்பது தெரிந்தது. மூன்று பேர் கண்ணிலும் எப்படித் தப்பியது?

நீங்கள் படித்த ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் சரிதான். அட்டையில் இருக்கும் வரியும் பிழையில்லை, ஆறாம் பக்க வரியும் பிழையில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் ஒன்றோடொன்று முட்டுகிறது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிப்பவருக்கு ஆறாம் பக்கம் வருவதற்குள் அட்டை மறந்திருக்கும். போதாததற்கு, அட்டையின் பெரிய எழுத்தை யாரும் படிப்பதில்லை, படம் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

எனவே எழுத்துப்பிழை பார்ப்பதும் முரண் பார்ப்பதும் தனித்தனிச் சுற்றுகளாக இருக்க வேண்டும். முரண் பார்க்கும் சுற்றில் பிரோஷரைப் படிக்கவே கூடாது, தேட வேண்டும். பிரிண்ட் எடுத்து ஸ்டேபிளைக் கழற்றி, தாள்களை மேசையில் பரப்பிவிடுங்கள். அட்டை, பின் அட்டை, உள்பக்கங்களின் பெரிய தலைப்புகள் ஆகியவற்றில் உள்ள ஒவ்வொரு வாக்குறுதியையும் ஒரு தாளில் அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு கட்டம்: எந்தப் பக்கத்தில் அதன் விவரம் இருக்கிறது, அங்கே என்ன எழுதியிருக்கிறது.

ஒரு வாக்கியத்தில் எத்தனை வாக்குறுதி இருக்கிறதோ அத்தனை வரியாக உடைக்க வேண்டும். "தினமும் காலை 5 முதல் இரவு 10 வரை, எல்லா வசதிகளும் மாதம் 1,200 மட்டுமே" என்று ஓர் உடற்பயிற்சி மையத்தின் அட்டை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு வாக்குறுதி இல்லை, ஆறு. தினமும், 5 மணிக்குத் திறக்கும், 10 மணி வரை இருக்கும், எல்லா வசதியும் சேர்த்தி, மாதக் கணக்கில் கட்டலாம், தொகை 1,200. இதை ஒரே வரியாக எழுதிவைத்தால், உள்ளே 1,200 கண்ணில் பட்டதும் "இருக்கிறது" என்று டிக் அடித்துவிடுவீர்கள். மற்ற ஐந்தும் தப்பிவிடும்.

நேரம் பற்றிய தகவல் நான்கு பக்கங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் தலை சுற்றுகிறது. சுருக்கு வழி உண்டா?

ஒப்பிடாதீர்கள், கட்டம் போடுங்கள். இடமிருந்து வலமாக ஏழு நாள். மேலிருந்து கீழாக வசதிகள். மேலே சொன்ன மையத்தில் உடற்பயிற்சிக் கூடம், நீச்சல்குளம், யோகா வகுப்பு என மூன்று இருந்தால் 21 கட்டம். இதை நிரப்பும்போது அட்டையைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். உள்பக்கத்தில் எழுதியிருப்பதை மட்டுமே எடுத்து நிரப்ப வேண்டும். அட்டையைப் பார்த்துக்கொண்டே நிரப்பினால், விவரம் இல்லாத கட்டத்தில் கை தானாகவே "5–10" என்று எழுதிவிடும்.

நிரப்பி முடித்தால் பெரும்பாலும் மூன்று வகைச் சிக்கல் தெரியும். முதலாவது, நேரடி மோதல்: மூன்றாம் பக்கம் "குளம் பராமரிப்புக்காகத் திங்கள் விடுமுறை" என்கிறது, அட்டையின் "தினமும்" அங்கேயே விழுந்துவிட்டது. இரண்டாவது, ஒரே கட்டத்தில் இரண்டு பேர்: நான்காம் பக்கம் குளத்தில் புதன் காலை 10 முதல் 12 வரை பெண்களுக்கு மட்டும் என்கிறது, ஐந்தாம் பக்க வகுப்பு அட்டவணை அதே குளத்தில் புதன் 11 மணிக்குச் சிறுவர் பயிற்சி என்கிறது. இது அட்டைக்கும் உள்பக்கத்துக்கும் இடையில் உள்ளதல்ல, உள்பக்கங்களே அடித்துக்கொள்வது. கட்டம் போடாமல் இதைப் பிடிப்பது கடினம். மூன்றாவது, வெற்றுக் கட்டம்: ஞாயிறு யோகா உண்டா இல்லையா என்று எங்குமே இல்லை. அட்டை "தினமும்" என்பதால் வாசகர் உண்டு என்றே எடுத்துக்கொள்வார்.

இன்னொன்றையும் தனியாகப் பாருங்கள். "10 மணி வரை" என்பது கதவு பூட்டும் நேரமா, கடைசி ஆளை உள்ளே விடும் நேரமா? பின் அட்டையில் சின்ன எழுத்தில் "கடைசி அனுமதி 9:15" என்று இருந்தால் அதை முரண் என்று சொல்ல முடியாது. ஆனால் 9:30-க்கு வந்து திரும்பிப் போகிறவருக்கு அட்டை பொய்தான். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு நேரத்தையும் ஒரே இடத்தில் எழுதச் சொல்லுங்கள். "12 மணி" என்று மொட்டையாக நிற்பதையும் விட்டுவிடாதீர்கள். நண்பகலா, நள்ளிரவா என்று எழுதியாக வேண்டும்.

கட்டண அட்டவணையில் அட்டையில் சொன்ன தொகை இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா?

போதாது, பல சமயம் அந்தத் தொகை அட்டவணையிலேயே இருக்காது, கணக்குப் போட்டால்தான் வரும். அதே மையத்தின் ஆறாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: மாதக் கட்டணம் 1,500, மூன்று மாதம் 4,200, ஆண்டு 14,400, புதிதாகச் சேர்பவருக்கு நுழைவுக் கட்டணம் 1,000.

1,200 எங்கே? 14,400-ஐ 12-ஆல் வகுத்தால் 1,200. ஆக, அட்டையின் தொகை பொய்யில்லை, ஆனால் ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டிக் கட்டுபவருக்கு மட்டுமே உண்மை. அட்டையோ "மாதம் 1,200" என்கிறது. மாதாமாதம் கட்டலாம் என்று வருபவரிடம் கவுன்டரில் 1,500 கேட்பார்கள். இதோடு நிற்கவில்லை. பிரோஷர் யாருக்காக? புதிதாகச் சேர்பவருக்காக. அவர் முதல் ஆண்டில் கட்டுவது 14,400-உம் நுழைவுக் கட்டணம் 1,000-உம் சேர்த்து 15,400. மாதத்துக்கு ஏறக்குறைய 1,283. அட்டையில் போட்ட 1,200-ஐ முதல் ஆண்டில் எந்தப் புது உறுப்பினரும் பெறவே முடியாது.

தொகையைச் சரிபார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தப் பிரோஷரைக் கையில் வைத்திருப்பவர் ஒருவராவது சரியாக இந்தத் தொகையைக் கட்டிவிட்டு வெளியே வர முடியுமா? ஓர் ஆளைக் கற்பனை செய்துகொண்டு, அட்டவணை, நிபந்தனை, தனிக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். லாக்கருக்குத் தனிக் கட்டணம் என்று ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தால், "எல்லா வசதிகளும்" என்ற சொல்லும் இந்தக் கூட்டலிலேயே அடிபடும். தொகையில் அரசு வரி சேர்த்தா, தனியா என்பதும் எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அட்டையில் வரி இல்லாத தொகை, உள்ளே வரி சேர்த்த தொகை என்பது அடிக்கடி நடக்கும். இரண்டையும் வேறு வேறு ஆட்கள் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

தள்ளுபடி சதவீதத்தையும் நாமே கணக்குப் போட வேண்டுமா? கணக்குப் பிரிவு கொடுத்த எண்தானே?

கால்குலேட்டரை எடுத்துப் போடுங்கள். இரண்டாம் பக்கத் தலைப்பு "மூன்று மாதத் திட்டத்தில் 10% சேமிப்பு" என்கிறது. மாதம் 1,500 வீதம் மூன்று மாதம் 4,500. பத்து சதவீதம் போனால் 4,050 வர வேண்டும். அட்டவணையில் இருப்பது 4,200. உண்மையான சேமிப்பு 300, அதாவது சுமார் 6.7%. கட்டணத்தை இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள், தலைப்பை மாற்ற மறந்திருக்கிறார்கள். கணக்குப் பிரிவு கொடுத்தது அட்டவணையைத்தான். தலைப்பை எழுதியவர் வேறொருவர்.

முரண் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எதைத் திருத்துவது, அட்டையையா உள்பக்கத்தையா?

சரிபார்ப்பவர் எதையும் திருத்தக் கூடாது. "பக்கம் 1: தினமும். பக்கம் 3: திங்கள் விடுமுறை. எது சரி?" என்று இரண்டையும் எழுதி, அந்தத் தகவலுக்குப் பொறுப்பானவரிடம் கேளுங்கள். நேரம் என்றால் மையத்தை நடத்துபவர், தொகை என்றால் கணக்குப் பிரிவு. டிசைனரிடம் கேட்காதீர்கள், பாவம், அவர் அருகில் இருப்பதைப் பார்த்து இன்னொன்றை மாற்றிவிடுவார். அட்டை வாசகம் முதலில் எழுதப்பட்டு அப்படியே தங்கிவிடுவதால் பெரும்பாலும் அதுவே பழையதாக இருக்கும். ஆனால் அதை விதியாக வைத்துக்கொள்ள வேண்டாம். சென்ற பதிப்பின் அட்டவணையை எடுத்து ஒட்டியதால் உள்பக்கமே பழசாக இருப்பதும் உண்டு.

நட்சத்திரக் குறி போட்டு "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்றால் முரண் தீர்ந்துவிடுமா?

அடிக்குறிப்பு வாக்குறுதியை விளக்கலாம், மறுக்கக் கூடாது. "தினமும்\*" என்று போட்டுவிட்டு கீழே "\*திங்கள் தவிர" என்றால், சொல்லே தவறு. "வாரத்தில் ஆறு நாள்" என்று மாற்றுவதுதான் வழி. மற்றபடி குறிகளை எண்ணிப் பாருங்கள். மேலே உள்ள ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் அதே பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். பக்கங்களை இடம் மாற்றும்போது குறி ஒரு பக்கத்திலும் குறிப்பு இன்னொரு பக்கத்திலும் போய்விடுவது வழக்கம்.

எல்லா எண்களையும் கணினியிலேயே தேடி எடுக்க முடியுமா?

பிடிஎஃப் கோப்பு இருந்தால் pdfgrep என்ற இலவச நிரல் பக்க எண்ணோடு வரிகளை எடுத்துத் தரும்:

```
pdfgrep -n '[0-9]' brochure.pdf
```

வாக்குறுதித் தாளை நிரப்ப இது நல்ல தொடக்கம். ஆனால் இதில் வராதவை நிறைய. "ஐந்து மணி" என்று சொல்லால் எழுதியது வராது. படத்துக்குள் இருக்கும் எழுத்து வராது. அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பில் எழுத்துகளை வடிவங்களாக மாற்றியிருந்தால் எதுவுமே வராது. அட்டைத் தலைப்பை இப்படி மாற்றிவைப்பது சாதாரணம், அதனால் முக்கியமான எண்ணே பட்டியலில் விடுபட்டுவிடும். யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் வடிவமைத்திருந்தால் "இலவசம்" என்று தட்டித் தேடினாலும் கிடைக்காது. எனவே வந்த வரிகளோடு தாளை ஒப்பிட்டு, அட்டையின் எண்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கோப்பை நம்பாமல் கண்ணால் எடுங்கள்.

இந்தச் சுற்றை எப்போது செய்வது?

இரண்டு முறை. வடிவமைப்புக்குப் போகும் முன் வெறும் எழுத்துப் பிரதியில் ஒருமுறை. அப்போது திருத்துவது எளிது. அச்சுக்குப் போகும் கடைசி புரூஃபில் மறுமுறை. இரண்டாவது முறை முழுவதையும் திரும்பச் செய்ய நேரமில்லை என்றால், கடைசியாக மாறிய எண்களை மட்டும் எடுத்து, வாக்குறுதித் தாளில் அவை வரும் எல்லா வரிகளையும் மறுபடி பாருங்கள். மாதக் கட்டணம் 1,500 என்பது 1,600 ஆனால் அட்டவணை மட்டும் மாறாது. 10% என்ற தலைப்பும், ஆண்டுச் சேமிப்பு பற்றிய வரியும், பின் அட்டையில் உள்ள படிவத்தின் தொகைக் கட்டமும் சேர்ந்து மாற வேண்டும். அந்தப் படிவத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.