சிவப்பு விளக்கு குடிக்கும் மின்சாரம்

“ஈசூனில் நான்கறை வீட்டில் இருக்கிறோம். 55 அங்குலத் தொலைக்காட்சி வைத்திருக்கிறோம், அதனுடன் ஒரு செட்-டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்தாலும் சிவப்பு விளக்கு எரிவதால் கட்டணம் ஏறுகிறது என்று மாமியார் தினமும் இரவில் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிடுகிறார். காலையில் பாக்ஸ் உயிர்பெற ஐந்து நிமிடம் ஆகிறது. இப்படி அணைப்பதால் உண்மையில் காசு மிச்சமாகுமா?”

தொலைக்காட்சியை மட்டும் வைத்துச் சொன்னால், அநேகமாக ஆண்டுக்கு ஐம்பது காசுக்கும் குறைவாகவே மிச்சமாகும். ஆனால் உங்கள் மாமியாரின் சந்தேகத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன், ஏனெனில் ஒரு குறிப்பிட்ட அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அவர் சொல்வதுதான் சரி.

முதலில் அந்த விளக்கு. அது வாட்டில் நூறில் சில பங்குதான் எடுக்கும். ரிமோட்டின் சைகைக்காக விழித்திருக்கும் சிறு மின்சுற்றே மீதியை எடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இலேயே தொலைக்காட்சிகளின் ஸ்டாண்ட்பை பயன்பாட்டுக்கு 0.5 வாட் அளவில் வரம்பு விதித்துவிட்டதால், அதன் பின் வந்த பெரும்பாலான தொலைக்காட்சிகள் அந்த அளவையொட்டியே தயாராகின்றன. அரை வாட் வீதம் இரவு எட்டு மணி நேரம், 365 நாள் என்றால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட் ஆகும். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால் 44 காசு வருகிறது. படுக்கையறைக் குளிரூட்டி ஒரே இரவில் இரண்டு மூன்று யூனிட் எடுத்துவிடும் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்கு மாறுவது எங்கே என்றால், அமைப்புப் பட்டியலில் “Quick Start” அல்லது “Instant On” போன்ற பெயரில் இருக்கும் வசதியில்தான். அது இயங்கினால், திரை மட்டும் அணைந்து உள்ளே செயலியும் நினைவகமும் விழித்தே இருக்கும். அதனால்தான் பொத்தானை அழுத்தியதும் படம் உடனே வருகிறது. என் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒருமுறை மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு, யாரும் தொடாமலே இது இயங்கத் தொடங்கியிருந்தது. அளந்து பார்த்தபோது 17 வாட் காட்டியது. நாளுக்கு ஐந்து மணி நேரம் பார்க்கும் வீட்டில் மீதி 19 மணி நேரமும் இப்படிப் போனால், ஆண்டுக்கு 118 யூனிட், அதாவது சுமார் 35 வெள்ளி. இரவில் சுவிட்சை அணைத்தால் அதில் 15 வெள்ளிதான் மிஞ்சும். அந்த வசதியை நிறுத்திவிட்டாலோ பகலிலும் மிஞ்சும், சுவிட்சைத் தொட வேண்டியதும் இல்லை.

உங்கள் தொலைக்காட்சி எந்த வகை என்று அறிய, சுவர் சாக்கெட்டுக்கும் பிளக்குக்கும் இடையே செருகும் மின் அளவி ஒன்றை வாங்கலாம், அல்லது நண்பரிடம் ஓர் இரவுக்கு இரவல் கேட்கலாம். ரிமோட்டில் அணைத்த மறுகணமே அளவியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல தொலைக்காட்சிகள் சில நிமிடங்கள் வரை 15, 20 வாட்டிலேயே இருந்துவிட்டு, பிறகுதான் சட்டென்று கீழே இறங்கும். விலை குறைந்த அளவிகள் ஓரிரு வாட்டுக்குக் கீழே தடுமாறும் என்பதால், இரவு முழுவதும் செருகிவைத்து, காலையில் சேர்ந்திருக்கும் யூனிட்டைப் பார்ப்பதே நல்லது. எட்டு மணி நேரத்தில் 0.00 அல்லது 0.01 காட்டினால் கவலையில்லை; 0.10ஐத் தாண்டினால் அமைப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

அதே அளவியை அடுத்த இரவு செட்-டாப் பாக்ஸுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் உண்மையான செலவாளி அதுதான்: அணைத்த நிலையிலும் பத்து வாட் எடுக்கும் பாக்ஸ்கள் உண்டு, அப்படியானால் இரவுகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 29 யூனிட், ஏறத்தாழ 9 வெள்ளி. அந்த 9 வெள்ளிக்காகத் தினமும் ஐந்து நிமிடம் காத்திருப்பதா என்பதை உங்கள் வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டும். இரவில் நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் பாக்ஸ் என்றால் அணைக்கவே கூடாது. ஆழ்ந்த ஸ்டாண்ட்பைக்குச் செல்லும் தெரிவு பாக்ஸின் பட்டியலில் இருந்தால், முதலில் அதை முயன்று, மறுபடி அளந்து பாருங்கள்.

உங்கள் தொலைக்காட்சி ஓஎல்இடி வகையாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மொத்தம் நான்கு மணி நேர அளவுக்கு ஓடிய பின், ரிமோட்டில் அணைத்ததும் அது திரையின் புள்ளிகளைச் சரிசெய்யும் வேலையைத் தானாகச் செய்துகொள்ளும். இதற்குப் பெரும்பாலும் பத்து நிமிடம் போல ஆகும். ரிமோட்டில் அணைத்த கையோடு சுவிட்சையும் அணைத்தால் அந்த வேலை நடக்காது, நாளடைவில் சேனல் சின்னம் போன்ற அசையாத படங்களின் தடம் திரையில் தங்கிவிட வாய்ப்புண்டு. மாமியார் சுவிட்சை அணைத்துத்தான் தீருவார் என்றால், பல் துலக்கிவிட்டு வந்து அணைக்கச் சொல்லுங்கள்.