யார் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டுமே

"என் மகள் ஆறாம் வகுப்பு. கதையில் எல்லாருடைய பேச்சையும் ஒரே பத்தியில் எழுதுகிறாள்: 'எங்கே போனாய் என்று பாட்டி கேட்டாள் கடைக்கு என்றான் குமார் பணம் ஏது நீங்கள் தந்ததுதான் பாட்டி.' எப்படித் திருத்துவது?"

முதலில் அவளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். குரல் மாறும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடட்டும். அந்தக் கோடுதான் புதுப் பத்தி. அப்புறம் வாயிலிருந்து வந்த சொற்களை மட்டும் இரட்டை மேற்கோளுக்குள் வைக்கட்டும்:

"எங்கே போனாய்?" என்று பாட்டி கேட்டாள்.

"கடைக்கு" என்றான் குமார்.

"பணம் ஏது?"

குமார் தலையைக் குனிந்தான். "நீங்கள் தந்ததுதான், பாட்டி."

கேள்விக்குறி பேச்சுக்கு உரியது, அதனால் மேற்கோளுக்கு உள்ளே. "கடைக்கு" என்பதற்குப் பின் முற்றுப்புள்ளி இல்லை, ஏனென்றால் வாக்கியம் "என்றான் குமார்" வரை போகிறது. கடைசி வரியில் பேச்சோடு வாக்கியமும் முடிவதால் புள்ளி உள்ளேயே வருகிறது. ஆளின் பெயர் முன்னால் வந்தால் காற்புள்ளி போடலாம்: பாட்டி, "எங்கே போனாய்?" என்று கேட்டாள்.

மூன்றாவது வரியில் பெயரே இல்லை, கவனித்தீர்களா? இருவர் மட்டும் மாறிமாறிப் பேசும்போது புதுப் பத்தியே ஆளைக் காட்டிவிடும். மூன்றாவது ஆள் வந்துவிட்டால் பெயர் வேண்டும். குமார் தலைகுனிந்ததும் அவன் பேச்சும் ஒரே பத்தியில் இருக்கட்டும். பிரித்தால் பேசுவது பாட்டி என்று தோன்றும்.

இன்னொரு தவறும் அடிக்கடி வரும், இதுபோன்ற வாக்கியத்துக்கும் மேற்கோள் போட்டுவிடுவது: தான் கடைக்குப் போனதாகக் குமார் சொன்னான். இது அயற்கூற்று, இதற்கு மேற்கோள் கூடாது.