பேஸும் போய் பஸ் சத்தமும் உள்ளே வந்தால், முதலில் ரப்பர் சைஸைப் பாருங்கள்

கேள்வி: புது இயர்பட்ஸ் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. ரிவியூவில் எல்லாம் பேஸ் அதிரும் என்றார்கள், எனக்குத் தகர டப்பா சத்தம்தான் கேட்கிறது. நாய்ஸ் கேன்சலிங் போட்டாலும் பஸ் சத்தம் அப்படியே வருகிறது. பீஸ் ஃபால்ட்டா, இல்லை ரப்பரை மாற்றினால் சரியாகுமா?

பெரும்பாலும் ரப்பர்தான். பாட்டு ஓடும்போது இரண்டு பட்ஸையும் விரலால் காதுக்குள் லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் திடீரென்று வந்து, விட்டதும் போய்விட்டால் பீஸில் கோளாறு இல்லை, எங்கோ காற்று கசிகிறது. நடுவில் அழுத்தினால் டச் பட்டு பாட்டு நின்றுவிடும், ஓரத்தைப் பிடித்து அழுத்துங்கள்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு மொபைல் கடைப் பையன். நான் வேலூரிலிருந்து ராணிப்பேட்டைக்குத் தினமும் பஸ்ஸில் போகிறவன். பஸ்ஸில் கேட்கத்தான் பட்ஸ் வாங்கினேன், நான்காம் நாளே திருப்பிக் கொடுக்கப் போய் நின்றேன். "இடது பக்கம் பீஸ் போச்சுப்பா" என்றேன். அவன் பீஸைக் கையில்கூட வாங்கவில்லை. "அண்ணா, மாட்டிக்கினே ஒரு தடவ அமுக்கிப் பாருங்க" என்றான். அமுக்கினேன். போன பேஸ் வந்தது. கொஞ்சம் அசடு வழிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் பேஸ் மட்டும் போகிறது என்றால், சைக்கிள் பம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வாயை விரலால் முழுக்க அடைத்துவிட்டு அழுத்தினால், மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் விரலில் காற்றின் அழுத்தம் தெரியும். இப்போது விரலைக் கொஞ்சம் நகர்த்தி ஓர் இடுக்கு விடுங்கள். வேகமாகக் குத்தினால் இன்னும் அழுத்தம் தெரியும். மெதுவாகத் தள்ளினால் காற்று அந்த இடுக்கு வழியாக நிதானமாக வெளியே போய்விடும், விரலில் ஒன்றும் தெரியாது. பேஸ் என்பது அந்த மெதுவான தள்ளல்தான். பேஸ் கிட்டாரின் அடித் தந்தி நொடிக்கு சுமார் 41 முறைதான் அதிர்கிறது. பட்ஸுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் சட்டைப் பட்டன் அளவு. அது பேஸ் கொடுப்பதே காதுக்குள் அடைபட்ட அந்தத் துளிக் காற்றை அமுக்கித்தான். காற்று தப்பிவிட்டால் பேஸும் தப்பிவிடும். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் வாசிப்பது தெரியும், ஆனால் தந்தியை நிமிண்டும் சத்தம் மட்டும் கேட்கும், கீழே இருக்கிற கனம் வராது.

பஸ் சத்தமும் அதே இடுக்கு வழியாகத்தான் வருகிறது. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால், சுற்றுக்கு மூன்று வெடிப்பு வீதம் நொடிக்கு 75 வெடிப்பு. அந்த "உர்ர்ர்" முழுக்கப் பேஸ் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. நாய்ஸ் கேன்சலிங் என்ன செய்கிறது என்றால், வெளிச் சத்தத்தை மைக்கில் கேட்டு அதற்கு நேரெதிரான அலையை உள்ளே விடுகிறது. அதன் பலம் பெரும்பாலும் இந்த மாதிரித் தாழ்ந்த இரைச்சலில்தான். ஆனால் அந்த எதிர் அலையும் தாழ்ந்த ஒலிதானே, அதுவும் இடுக்கு வழியாகத் தப்பிவிடும். கண்டக்டர் விசில், பக்கத்து சீட்டுப் பேச்சு போன்ற மேல் சத்தங்களை மட்டுப்படுத்துவது பெரும்பாலும் ரப்பரே செய்கிற வேலை. அதனால் பேச்சு குறைந்து எஞ்சின் மட்டும் குறையவில்லை என்றால் சின்னக் கசிவு. எல்லாமே அப்படியே கேட்கிறது என்றால் ரப்பர் உங்கள் காதுக்கு ரொம்பச் சிறியது.

சரி, சைஸைக் கண்டுபிடிப்பது எப்படி? பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி வரும். கம்பெனியிலேயே நடுத்தரம் மாட்டி அனுப்புவார்கள், பலர் அதைக் கழற்றுவதே இல்லை. நான் முதலில் செய்கிற சோதனைக்குப் பாட்டே வேண்டாம். நாய்ஸ் கேன்சலிங்கை அணைத்துவிட்டு, இரண்டையும் மாட்டிக்கொண்டு, வாயை மூடி "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் முனகுங்கள். நன்றாக அடைத்த காதில் உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல முழங்கும். குரல் தலைக்கு நடுவில் கேட்டு, இரண்டு பக்கமும் முழங்கினால் நல்லது. ஒரு பக்கம் சாய்ந்தால் மற்ற பக்கம் கசிகிறது. எனக்கு நடுத்தர ரப்பரில் குரல் முழுக்க வலது பக்கம் போய்விட்டது. அதாவது கசிந்தது இடது.

அப்புறம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். இடது கசிகிறதென்றால் இரண்டிலும் பெரியதைப் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். இடது அருமையாக அமர்ந்தது. வலது, மேல்விஷாரம் வருவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்துவிட்டது. ஆற்காடு தாண்டிப் பாலாற்றுப் பாலம் ஏறும்போது காது வாயில் ஒரு வலி. கழற்றிப் பார்த்தால் ரப்பரின் ஒரு பக்கம் புடவைக் கொசுவம் மாதிரி மடிந்திருந்தது. அந்த மடிப்பே ஒரு வாய்க்கால், காற்று அது வழியாகப் போகிறது. அதனால் பெரிய சைஸ் போட்டும் பேஸ் குறைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வெளியே தள்ளுவது, வலிப்பது, மடிவது மூன்றும் பெரிதாகிவிட்டது என்பதற்கு அடையாளம். வழுக்கிக்கொண்டு உள்ளே போய், தலையைக் குனிந்தால் கழன்று விழுந்தால் சிறிது.

வலதில் பழையபடி நடுத்தரத்தைப் போட்டேன். இன்றுவரை இடது பெரியது, வலது நடுத்தரம். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை, இதில் தயங்காதீர்கள்.

மாட்டுகிற விதமும் முக்கியம். காதுத் துளை நேராகப் போவதில்லை, வளைந்து போகிறது. எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் அது கொஞ்சம் நேராகும். அப்போது பட்ஸைச் செருகி, லேசாகத் திருகிவிட்டு மடலை விடுங்கள். பிறகு வாயை அகலத் திறந்து மூடுங்கள். தாடை எலும்பு துளைக்கு முன்னாலேயே அசைவதால் துளையின் வடிவம் மாறும். அதற்குப் பிறகும் பேஸ் போகாமல் இருந்தால் சைஸ் சரி.

சரியாக அடைத்த பிறகு உங்கள் காலடிச் சத்தமும் மெல்லுகிற சத்தமும் தலைக்குள் தொம் தொம் என்று கேட்கும். அதைக் கோளாறு என்று நினைத்து மறுபடி சின்ன ரப்பருக்குப் போகாதீர்கள்.

மூன்று சைஸும் ஒத்துவராவிட்டால் ஃபோம் ரப்பர் பார்க்கலாம். விரலால் உருட்டி நசுக்கிச் செருகி, அரை நிமிடம் பிடித்திருந்தால் காதின் வடிவத்துக்கே விரிந்து அடைக்கும். பேஸ் நன்றாக நிற்கும், மேல் சத்தம் சற்று மங்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் வியர்வை பட்டுச் சில மாதத்தில் நைந்துபோகும், அதனால் எனக்கு இஷ்டமில்லை. வாங்குவதென்றால் உங்கள் மாடல் பெயரைச் சொல்லி வாங்குங்கள். சில மாடலில் ரப்பர் மாட்டுகிற மூக்கு வட்டமாக இருக்காது, முட்டை வடிவில் இருக்கும். உயரமான ரப்பர் என்றால் கேஸ் மூடி சரியாக மூடாமல் சார்ஜும் ஏறாது.

அழுத்தியும் ஒரு பக்கம் பேஸ் வரவில்லை என்றால் ரப்பரைக் கழற்றி வலையைப் பாருங்கள். குறும்பி அடைத்திருந்தால் அந்தப் பக்கம் சத்தமே மொத்தமாகக் குறைந்திருக்கும். வலையும் சுத்தமாக இருந்து, போனில் இடது வலது சத்த அளவும் சமமாக இருந்தால், அப்போது பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.