கண்ணாடிக் கதவுக்கு எந்த ஃப்ளோர் ஸ்பிரிங்? தடிமனையும் எடையையும் எப்படிச் சரிபார்ப்பது?

"1000 மி.மீ. அகலம், 2400 மி.மீ. உயரத்தில் ஃபிரேம் இல்லாத ஒற்றைக் கண்ணாடிக் கதவு போடுகிறோம். கிளாஸ் 12 மி.மீ. டஃபன்டு என்கிறார்கள். பேட்ச் ஃபிட்டிங்கும் ஃப்ளோர் ஸ்பிரிங்கும் எதைப் பார்த்து வாங்குவது? கண்ணாடியின் தடிமனையும் எடையையும் நாமே சோதிக்க முடியுமா?"

முடியும். சாதாரணக் கண்ணாடி 1 மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ எடையிருக்கும். டஃபன்டு செய்தாலும் இது மாறாது. ஆகவே 12 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 30 கிலோ, 10 மி.மீ. என்றால் 25 கிலோ. உங்கள் கதவின் பரப்பு 1.0 × 2.4 = 2.4 சதுர மீட்டர். எடை 72 கிலோ. கண்ணாடியை மூலைகளில் கவ்விப் பிடிக்கும் உலோக பேட்சுக்காக வெட்டும் பகுதியால் குறைவது மிகச் சொற்பம், அதைக் கழிக்க வேண்டாம். மாறாக, இருபக்கக் கைப்பிடி, பூட்டு, பேட்ச் எல்லாம் சேர்த்து 5 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தம் 77 கிலோ.

இனி, தரைக்குள் பதிந்திருந்து கதவை இழுத்து மூடும் ஸ்பிரிங். பெட்டியின் மேல் போட்டிருக்கும் கிலோவை மட்டும் நம்பி வாங்குவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அது பாதிக் கணக்கு. இ.என். 1154 என்ற ஐரோப்பியத் தரம் ஒவ்வொரு வகைக்கும் அகலம், எடை இரண்டையும் சேர்த்தே வரம்பு வைக்கிறது. 3-ஆம் வகை 950 மி.மீ. அகலம், 60 கிலோ வரை. 4-ஆம் வகை 1100 மி.மீ., 80 கிலோ. 5-ஆம் வகை 1250 மி.மீ., 100 கிலோ. உங்கள் கதவு 4-ஆம் வகைக்குள் அடங்குகிறது, ஆனால் எடையில் 3 கிலோதான் இடைவெளி. கதவு வெளிப்புறம் பார்த்து இருந்தாலோ, ஏசி அறையின் காற்றழுத்தம் கதவைத் தள்ளிக்கொண்டே இருந்தாலோ 5-ஆம் வகைக்குப் போய்விடுங்கள். உள்ளறைக் கதவு என்றால் 4 போதும். தேவைக்கு மேல் வலுவான ஸ்பிரிங் போட்டால் தள்ளித் திறப்பதே சிரமமாகிவிடும்.

அகலம் ஏன் முக்கியம் என்றால், எடையைத் தாங்குவது அடியிலுள்ள பேரிங். ஸ்பிரிங் செய்ய வேண்டியது கதவை இழுத்து மூடுவது. கதவு அகலமாக இருந்தால் காற்று தள்ளும் பரப்பும் கூடும், அந்தத் தள்ளல் கதவு சுழலும் அச்சான பிவட்டிலிருந்து தள்ளியும் விழும். 1050 × 2100 அளவில் 10 மி.மீ. கதவு 55 கிலோதான். எடையை மட்டும் பார்த்தால் 3-ஆம் வகை போதும் போலத் தோன்றும். அகலம் 950-ஐத் தாண்டிவிட்டதால் 4-ஆம் வகைதான் சரி. பேட்ச் ஃபிட்டிங்குக்கும் தனியாக ஓர் எடை வரம்பு உண்டு. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் கதவின் வரம்பு.

தடிமனைப் பார்க்க வெர்னியர் காலிப்பர் போதும். விளிம்பில் சாய்வாகத் தேய்த்திருப்பார்கள். காலிப்பரின் தாடை அந்தச் சரிவைத் தாண்டி உள்ளே, தட்டையான பரப்பில் பிடிக்க வேண்டும். மூன்று, நான்கு இடங்களில் பாருங்கள். 12 மி.மீ. கிளாஸுக்கு 0.3 மி.மீ. வரை கூடக்குறைய இருக்கலாம், அதாவது 11.7 முதல் 12.3 வரை சரி. அந்த வித்தியாசத்தால் உங்கள் கதவின் எடை 70.2 முதல் 73.8 கிலோ வரை நகரும். மூலையில் டஃபன்டு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் முத்திரையை வைத்துத் தடிமனை முடிவு செய்யாதீர்கள்.

சந்தேகம் தீராவிட்டால் எடை போடலாம். ஒரே உயரமுள்ள இரண்டு எடை மேடைகள்மேல் ரப்பர் ஒட்டிய மரக்கட்டை வைத்து, கண்ணாடியை நீளவாக்கில் நிற்க வைத்து, சாயாமல் இருவர் பிடித்துக்கொண்டு இரண்டு அளவையும் கூட்டுங்கள். 60 கிலோவுக்கு அருகே வந்தால் வந்திருப்பது 10 மி.மீ. கிளாஸ். மூலையை வெறும் தரையில் ஊன்ற வேண்டாம்; டஃபன்டு கிளாஸ் விளிம்பில் அடிபட்டால் முழுவதும் நொறுங்கும். இந்தச் சோதனைகளையெல்லாம் ஃபிட்டிங் மாட்டும் முன்பே முடித்துவிட வேண்டும். டஃபன்டு ஆன பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. எனவே பேட்சின் வெட்டு வரைபடம் பேக்டரிக்கு முதலிலேயே போயிருக்க வேண்டும். உள்மூலைகள் வளைவாக இருப்பதும் கட்டாயம். கூர்மூலை விரிசலுக்கு வழி.

எடையும் அகலமும் தெரிந்தால் ஸ்பிரிங் தேர்வு முடிந்தது. ஆனால் தடிமன் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை: பேட்சின் பிடி. இரு தகடுகளுக்கும் நடுவில் கேஸ்கெட் வைத்துத்தான் கண்ணாடியை நெரித்துப் பிடிக்கிறோம். பேட்சுக்குள் கண்ணாடி நழுவாமல் தாங்குவது இந்த உராய்வு. 10 மி.மீ. கிளாஸில் 12-க்கான மெல்லிய கேஸ்கெட்டைப் போட்டால் தகடுகள் ஒன்றோடொன்று உலோகமாக முட்டிக்கொள்ளும். ஆலன் கீயில் நன்றாக இறுகியது போலத் தெரியும், கண்ணாடியோ தளர்ந்தே இருக்கும். முறுக்கியபின் தகடுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி, எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தெரிந்தால்தான் பிடி உண்மையானது. ஒருபக்கம் மூடி மறுபக்கம் விரிந்திருந்தால் ஒரே ஸ்க்ரூவை முதலில் இறுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்; தளர்த்தி, மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

கேஸ்கெட் தொடும் இடத்தை முதலில் ஆல்கஹால் கொண்டு துடைக்கவும். எண்ணெய்ப் பசை, கைரேகை, சிலிக்கான் எதுவும் கூடாது. 'பாதுகாப்புக்கு' என்று உள்ளே சிலிக்கான் அடிப்பது பிடியைக் கெடுக்கும் வேலை. உலோகமும் கண்ணாடியும் எங்கும் நேரடியாகத் தொடக்கூடாது.

தொங்கவிட்ட பிறகு பேட்ச் கவரைப் போடும் முன், தகட்டின் விளிம்பை ஒட்டிக் கண்ணாடியில் மார்க்கர் கோடு போடுங்கள். சில நாள் கழித்துக் கவரைக் கழற்றிப் பார்த்தால் நழுவல் இருக்கிறதா என்பது உடனே தெரியும்.

கதவு தரையில் உரசினால் எப்படி உரசுகிறது என்று பார்ப்பது முக்கியம். அடி இடைவெளி முழு அகலத்துக்கும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் அடி பேட்சில் கண்ணாடி கீழிறங்கியிருக்கிறது. கைப்பிடிப் பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் மேல்பக்கத்தில் தேடுங்கள்: மேல் பேட்ச் நழுவியிருக்கும், அல்லது மேல் பிவட் பிடித்திருக்கும் இடம் நகர்ந்திருக்கும். உங்கள் கதவில் உயரம் அகலத்தைப்போல 2.4 மடங்கு என்பதால், கைப்பிடி ஓரம் 2 மி.மீ. தாழ வேண்டுமானால் கதவின் மேல்முனை ஏறத்தாழ 5 மி.மீ. கைப்பிடிப் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். பிவட் பக்க இடைவெளி மேலே போகப் போக அகலமாவது கண்ணுக்கே தெரியும். இந்தக் கோளாறுக்கு அடி ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை.

இருபுறமும் திறக்கும் கதவு ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் மூடினால் வால்வைத் தொடும் முன் தூக்குக்குண்டு கட்டிப் பாருங்கள். மேல் பிவட்டின் மையத்திலிருந்து விட்ட நூல், அடியில் ஸ்பிரிங்கிலிருந்து மேலே நீளும் சுழல்தண்டான ஸ்பிண்டிலின் மையத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் 72 கிலோவும் ஒரு பக்கமாகச் சரியப் பார்க்கும். ஸ்பிரிங்கின் சிமென்ட் பெட்டிக்குள் இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூக்களால் உடலை நகர்த்தித்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். நேரானபின் வேக வால்வுகளைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். அதிகம் வெளியே எடுத்தால் எண்ணெய் கசியும், அதன்பின் அந்த ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியதுதான்.