இறால் கவுண்ட் கணக்கு: 12 பேருக்கு எத்தனை கிலோ?

கேள்வி: வீட்டுக்கு 12 பேர் சாப்பிட வர்றாங்க. மார்க்கெட்ல 30 கவுண்ட், 50 கவுண்ட்னு சொல்றாங்க. உரிச்சா ஆளுக்கு எத்தனை வரும், எவ்வளவு வாங்கணும்?

கவுண்ட் என்பது தலையும் ஓடுமாக ஒரு கிலோவில் நிற்கும் எண்ணிக்கை. எண் ஏற ஏற இறால் சிறிசு. 50 கவுண்ட் என்றால் ஒன்று 20 கிராம், 30 கவுண்ட் என்றால் 33 கிராம்.

உரிக்கும்போது எடைதான் குறையும், எண்ணிக்கை அப்படியே இருக்கும். அதனால் ஆளுக்கு எத்தனை துண்டு என்று முதலில் முடிவு செய்யுங்கள், கிலோவை அதிலிருந்து பிடியுங்கள்.

கடைகளில் அதிகம் கிடைக்கும் வனாமியில் தலை, ஓடு, குடல் போக ஏறக்குறைய பாதிதான் சதை. 50 கவுண்ட் இறால் உரித்தபின் பத்து கிராம் சொச்சம், வாணலியில் சுருங்கி எட்டு கிராம் அளவில் நிற்கும். சோறு, ரசம், இன்னொரு கறி என்று இருந்தால் தொக்குக்கு ஆளுக்கு 8 துண்டு போதும். 12 பேருக்கு 96, அதாவது 2 கிலோ. சதையாக ஒரு கிலோ தேறும்.

அதே 2 கிலோவை 30 கவுண்டில் வாங்கினால் 60 துண்டு, ஆளுக்கு 5. சதை ஏறக்குறைய அதேதான், விலைதான் கூட. வறுத்துத் தட்டில் தனியாக வைப்பதென்றால் அந்தக் காசு தகும். தொக்கில் மசாலாவுக்குள் போடுவதற்கு எனக்கு 50தான் சரி. 100 கவுண்ட் மலிவு, ஆனால் 200 இறாலை யார் உட்கார்ந்து உரிப்பது? கடையிலேயே உரித்துக் கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம்.

சொன்ன கவுண்ட் சரிதானா என்று பார்க்க அரை கிலோ நிறுத்து எண்ணுங்கள். 50 கவுண்ட் என்றால் 25 இருக்க வேண்டும், 32 வந்தால் அது 64 கவுண்ட். மேலே பெரிசு, அடியில் பொடி என்று கலந்து வைப்பதும் உண்டு, அதனால் அடியிலிருந்தும் அள்ளச் சொல்லுங்கள். சுத்தம் செய்தபின் மறுபடி நிறுத்துப் பார்த்தால் 2 கிலோவுக்கு ஒரு கிலோ பக்கம் வர வேண்டும். மிகவும் குறைந்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள். ஆற்று இறாலுக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது. தலையே பெரிசு, பாதிச் சதைகூட வராது.

அப்புறம், உறைந்த பாக்கெட் எடுத்தால் அதில் 31/40 என்று இருக்கும். அது பெரும்பாலும் பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு உள்ள எண்ணிக்கை. கிலோவுக்கு 68 முதல் 88 வரை ஆகும். உரித்த இறால் என்றால் மார்க்கெட்டின் 40 கவுண்ட் அளவுதான் அது. ஒரு கிலோ பாக்கெட்டே 12 பேருக்குப் போதும், ஆனால் மேலே பூசிய பனிக்கட்டி நீங்கலான நிகர எடை ஒரு கிலோதானா என்று பார்த்து எடுங்கள்.