0.010 மோலார் குளோரோஅசிட்டிக் அமிலம்: x-ஐத் தள்ளிவிட முடியாத இடம்

கேள்வி: 0.010 மோலார் குளோரோஅசிட்டிக் அமிலத்தின் pH கேட்டிருந்தார்கள். x-ஐப் புறக்கணித்து 2.43 என்று எழுதினேன், விடையில் 2.51 என்று இருக்கிறது. எப்போது இருபடிச் சமன்பாட்டுக்குப் போக வேண்டும்? வரும் இரண்டு மூலங்களில் எதை எடுப்பது?

உங்கள் வர்க்கமூலத்தில் பிழை இல்லை. பிழை அதற்கு முந்தைய வரியில், 0.010 − x என்பதை 0.010 என்று எழுதிய இடத்தில் இருக்கிறது. அட்டவணைகளில் இந்த அமிலத்தின் பிரிகை மாறிலி ஏறக்குறைய 1.4 × 10⁻³ என்று காணப்படும். உங்கள் வழியில் x² = 1.4 × 10⁻⁵, ஆகவே x = 3.74 × 10⁻³. இந்த எண்ணைத் தொடக்கச் செறிவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 0.010-இல் 0.0037 போனால் மீதி 0.0063 தான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பிரிந்துவிட்டது என்று உங்கள் விடையே சொல்கிறது. ஆனால் அந்த விடைக்கு வந்த வழி, ஒன்றுமே பிரியவில்லை என்று வைத்துக்கொண்டு தொடங்கியது. தன் தொடக்கத்தையே மறுக்கும் விடையை ஏற்க முடியாது.

பள்ளியில் சொல்லித்தரும் 5 சதவீத விதி இந்த ஒப்பீட்டைத்தான் எண்ணாக்குகிறது. பிரிந்த பங்கு 5 சதவீதமாக இருந்தால், x-ஐப் புறக்கணிப்பதால் x-இன் மதிப்பில் நேரும் பிழை ஏறக்குறைய 2.6 சதவீதம், pH-இல் அது 0.01 அளவுக்குத்தான் தெரியும். வர்க்கமூலம் எடுக்கும்போது பிழை பாதியாகக் குறைந்துவிடுவதே இதற்குக் காரணம். கணக்கைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டுமானால், தொடக்கச் செறிவைப் பிரிகை மாறிலியால் வகுத்துப் பார்க்கலாம். ஈவு 400-க்கு மேல் இருந்தால் தோராயம் போதும். அதே 0.010 மோலாரில் அசிட்டிக் அமிலத்துக்கு (1.8 × 10⁻⁵) ஈவு 556 வருகிறது, அங்கே x-ஐத் தள்ளிவிடலாம். உங்கள் அமிலத்துக்கு ஈவு வெறும் 7. மெத்தில் தொகுதியில் ஒரு ஹைட்ரஜன் இருந்த இடத்தில் குளோரின் வந்து உட்கார்ந்ததும் பிரிகை மாறிலி ஏறத்தாழ 78 மடங்கு ஏறிவிட்டதன் விளைவு இது.

பலரிடம் நான் பார்க்கும் ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கரைசல் நீர்த்ததாக இருந்தால் x சிறியதாக இருக்கும், ஆகவே தோராயம் இன்னும் நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறார்கள். x சிறியதாவது உண்மைதான். ஆனால் தொடக்கச் செறிவு அதைவிட வேகமாகக் குறைகிறது. நீர்க்க நீர்க்கப் பிரிகை வீதம் ஏறுவதால், தோராயம் முதலில் உடைவது நீர்த்த கரைசலில்தான்.

இனிக் கணக்கு. தொடக்கத்தில் அமிலம் 0.010, இரண்டு அயனிகளும் பூச்சியம் (நீரிலிருந்து வரும் 10⁻⁷ இங்கே ஒரு பொருட்டல்ல). x அளவு பிரிந்தபின் அமிலம் 0.010 − x, அயனிகள் ஒவ்வொன்றும் x. எதையும் தள்ளிவிடாமல் எழுதினால்:

```
x² / (0.010 − x) = 1.4 × 10⁻³
x² + (1.4 × 10⁻³)x − 1.4 × 10⁻⁵ = 0
```

வர்க்கமூலத்துக்குள் 1.96 × 10⁻⁶ + 5.60 × 10⁻⁵ = 5.796 × 10⁻⁵ வருகிறது. அதன் மூலம் 7.613 × 10⁻³. ஆகவே x ஒன்று +3.107 × 10⁻³, அல்லது −4.507 × 10⁻³. இரண்டாவதை எடுத்தால் ஹைட்ரோனியம் அயனியின் செறிவு எதிர்மமாகிவிடும், அது கழிகிறது. முதலாவதைச் சமநிலைக் கோவையில் திரும்பப் போட்டால் 9.651 × 10⁻⁶-ஐ 6.893 × 10⁻³-ஆல் வகுத்து 1.400 × 10⁻³ கிடைக்கிறது, pH 2.51. தோராய விடை 20 சதவீதம் கூடுதலாக இருந்திருக்கிறது. கோவையில் திரும்பப் போட்டுப் பார்க்கும் இந்தக் கடைசி அரை நிமிடத்தை விட்டுவிடாதீர்கள், உங்கள் 3.74 × 10⁻³-ஐ இதே போல் போட்டிருந்தால் 1.4-க்குப் பதில் 2.2 × 10⁻³ வந்து, தவறு அப்போதே வெளிப்பட்டிருக்கும்.

மூலத்தைத் தேர்ந்தெடுப்பதில் "எதிர்மமாக இருப்பதைத் தள்ளு" என்று மனப்பாடம் செய்துகொண்டால் வேறொரு கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள். 450 °C அளவில் ஹைட்ரஜனும் அயோடினும் சேர்ந்து ஹைட்ரஜன் அயோடைடு தரும் சமநிலையின் மாறிலி ஏறக்குறைய 50. ஹைட்ரஜன் 0.50, அயோடின் 0.30 மோலாரில் தொடங்கினால்:

```
(2x)² = 50(0.50 − x)(0.30 − x)
46x² − 40x + 7.5 = 0
```

மூலங்கள் 0.596, 0.274. இரண்டும் நேர்ம எண்களே. ஆனால் 0.596-ஐ எடுத்தால் இருந்த 0.30 அயோடினிலிருந்து 0.596 செலவானதாக ஆகும். ஆகவே x-இன் குறியைப் பார்ப்பது போதாது. ஒவ்வொரு பொருளின் சமநிலைச் செறிவையும் எழுதி, ஒன்றும் பூச்சியத்துக்குக் கீழே போகவில்லையா என்று பார்க்க வேண்டும். வினை இடப்பக்கமாக நகரும் கணக்குகளில், x-ஐ வலப்பக்க நகர்வாக எடுத்திருந்தால், சரியான விடையே எதிர்மமாக வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்தது நான் சொந்தமாக அடிபட்டுக் கற்றது. கல்லூரி முதலாண்டில் இதே அமிலத்தை 1.0 × 10⁻⁵ மோலாரில் கொடுத்திருந்தார்கள். வர்க்கமூலத்துக்குள் 2.016 × 10⁻⁶ வந்தது. அதன் மூலத்தை, தரவுகளில் இருப்பது இரண்டு இலக்கம்தானே என்று 1.4 × 10⁻³ எனச் சுருக்கினேன். அதிலிருந்து 1.4 × 10⁻³-ஐக் கழித்தால் பூச்சியம். அமிலம் பிரியவே இல்லை என்று எழுதிவிட்டு வந்தேன். உண்மையில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரிந்திருந்தது. ஏறத்தாழச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது முன்னிருக்கும் இலக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. விடை தங்கியிருப்பது நாம் வெட்டிப்போட்ட கடைசி இலக்கங்களில். இடையில் சுருக்காமல் இருப்பது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, அதே சூத்திரத்தின் தொகுதியையும் பகுதியையும் இணைக்காரணியால் பெருக்கிக் கழித்தலைக் கூட்டலாக மாற்றிவிடுவது:

```
x = 2KC / (K + √(K² + 4KC))
```

இதில் K பிரிகை மாறிலி, C தொடக்கச் செறிவு. இப்போது மூலத்தை 1.42 × 10⁻³ என்று சுருக்கினாலும் x = 2.8 × 10⁻⁸ / 2.82 × 10⁻³ = 9.93 × 10⁻⁶ என்று சரியாகவே வருகிறது. அப்போதிருந்து ஒற்றைப் புரோட்டான் அமிலக் கணக்குகளுக்கு நான் இந்த வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறேன்.

இருபடிச் சமன்பாட்டைத் தவிர்க்க, தோராய விடையைத் திரும்பத் திரும்பச் செருகித் திருத்தும் முறையைச் சிலர் சொல்வார்கள். முதல் x-ஐ 0.010-இலிருந்து கழித்து, வந்த மீதியை வைத்து மறுபடி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உங்கள் கணக்கில் அது 3.74, 2.96, 3.14, 3.10, 3.11 என்று (எல்லாம் 10⁻³-இல்) ஊஞ்சல் போல இருபுறமும் ஆடி, விடையில் வந்து நிற்கிறது. ஐந்து தடவை கணிப்பானைத் தட்டுவதற்கு ஒரே இருபடிச் சமன்பாடு மேல் என்பது என் கருத்து; ஆனாலும் இங்கே அந்த முறை பலிக்கிறது.

எல்லா இடத்திலும் பலிக்காது. 0.010 மோலார் கந்தக அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் புரோட்டான் முழுவதும் பிரிந்துவிடும். பைசல்ஃபேட்டிலிருந்து இரண்டாவது பிரிவதற்கான மாறிலி ஏறக்குறைய 0.012. இங்கே ஹைட்ரோனியம் பூச்சியத்திலிருந்து தொடங்கவில்லை, ஏற்கெனவே 0.010 இருக்கிறது, ஆகவே மேலே x² என்று எழுதக் கூடாது, x(0.010 + x) என்று எழுத வேண்டும். கந்தக அமிலக் கணக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த வரியில்தான்.

```
x(0.010 + x) / (0.010 − x) = 0.012
```

இரண்டு இடத்திலும் x-ஐப் புறக்கணித்தால் x = 0.012. இருந்ததே 0.010; இல்லாத பைசல்ஃபேட்டும் பிரிந்ததாகத் தோராயம் சொல்கிறது. அதை x = 0.012(0.010 − x)/(0.010 + x) என்ற வடிவில் திரும்பச் செருகினால் −0.0011 வருகிறது, அதற்கடுத்து 0.0149. விடையின் இருபுறமும் ஆடும் ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது. எத்தனை முறை தட்டினாலும் சரியான விடையில் வந்து நிற்காது.

இருபடிச் சமன்பாட்டுக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை. x² + 0.022x − 1.2 × 10⁻⁴ = 0; வர்க்கமூலம் 0.03105; x = 0.0045. மொத்த ஹைட்ரோனியம் 0.0145, pH 1.84. இரண்டாவது புரோட்டானை மறந்தவருக்கு இது 2.00 என்று வரும், இரண்டுமே முழுதாகப் பிரிந்ததாக எடுத்தவருக்கு 1.70.