ஆப் அப்டேட் ஆகிவிட்டது, கேமரா ஏன் தனியாகக் கேட்கிறது?

கேள்வி: "குடியாத்தத்தில் கைலிக் கடை வைத்திருக்கிறேன். கடையில் இரண்டு வைஃபை கேமரா இருக்கிறது. போன வாரம்தான் ப்ளே ஸ்டோரில் அதன் ஆப்பை அப்டேட் செய்தேன். இப்போது ஆப்பைத் திறந்தால் கேமராவுக்கு Firmware Update என்று மறுபடியும் கேட்கிறது. நடுவில் கரண்ட்டை நிறுத்தக் கூடாது என்றும் போட்டிருக்கிறது. எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்றே சொல்ல முடியாது. ஆம்பூரில் என் மச்சான் இதே கேமராவுக்கு அப்டேட் போட்டு, அது அப்படியே செத்துப்போனது. செய்யலாமா, விட்டுவிடலாமா சார்?"

செய்யுங்கள். ஆனால் கேமராவை பவர் பேங்க்கில் மாட்டிவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு கேமரா என்று செய்யுங்கள்.

ப்ளே ஸ்டோரில் மாறியது உங்கள் போனில் இருக்கும் ஆப் மட்டும்தான். கேமராவுக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. லென்ஸ் பார்ப்பதைப் படமாக்குவது, வைஃபையைப் பிடிப்பது, மெமரி கார்டில் பதிவது எல்லாம் அதன் வேலை. அந்த வேலைகளுக்கான புரோகிராம்தான் ஃபர்ம்வேர். போனை நீங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தாலும் கடையில் பதிவு நிற்காமல் ஓடுவது அதனால்தான்.

இரண்டு அப்டேட்டும் கெட்டுப்போகும் விதம் வேறு. ஆப்பை அப்டேட் செய்யும்போது ஆண்ட்ராய்டு முழு ஃபைலையும் இறக்கி, கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து சரியா என்று பார்த்த பிறகே பழையதை மாற்றும். பாதியில் நெட் போனாலும் பழைய ஆப் அப்படியே இருக்கும். புதிய ஆப்பே கோளாறு செய்தாலும் அழித்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் அடியில் ஆண்ட்ராய்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேமராவில் அப்படி அடியில் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை, மாற்றப்படுவதே அந்த அடித்தளம்தான். கைலி விற்கிறவருக்குத் தறிக் கணக்கில் சொன்னால், ஆப் மாறுவது ஊடை நூலை மாற்றுவது மாதிரி; ஃபர்ம்வேர் மாறுவது பாவு நூலையே மாற்றுவது.

கரண்ட் போனால் ஏன் சாகிறது என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், பயப்பட வேண்டிய நேரம் எவ்வளவு குறைவு என்பதும் தெரியும். விலை குறைந்த வைஃபை கேமராக்களில் ஃபர்ம்வேர் இருப்பது எட்டுக் கால் உள்ள, விரல் நகத்தைவிடச் சின்ன ஃப்ளாஷ் சிப்பில். கொள்ளளவு பெரும்பாலும் 8 அல்லது 16 எம்பி. இந்தச் சிப்பில் பழையதன் மேல் அப்படியே புதியதை எழுத முடியாது. 64 கேபி அளவுள்ள ஒரு கட்டத்தை முதலில் முழுக்க அழித்து, அப்புறம்தான் அதில் எழுத வேண்டும். 16 எம்பி சிப்பில் அப்படி 256 கட்டங்கள். ஒரு கட்டத்தை அழிக்க வழக்கமாக 0.15 விநாடி ஆகும். அழிப்பது, எழுதுவது இரண்டையும் கூட்டினால் சிப் முழுவதற்கும் சுமார் ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்தில் கரண்ட் போனால் சில கட்டங்களில் புதியது, சில கட்டங்களில் பழையது, ஒன்றில் ஒன்றுமே இல்லை என்ற நிலையில் கேமரா நின்றுவிடும். மறுபடி கரண்ட் வந்ததும் எதை வைத்து எழுந்திருக்கும்?

அதற்கு முந்தைய டவுன்லோடு கட்டத்தில் கரண்ட் போனால் ஒன்றும் ஆகாது. இறங்கிய ஃபைல் கேமராவின் தற்காலிக நினைவிலோ மெமரி கார்டிலோதான் இருக்கும், சிப்பை இன்னும் தொட்டிருக்காது. கேமரா பழையபடி எழுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து கேட்கும், அவ்வளவுதான்.

இதே ஆபத்து எல்லா ஸ்மார்ட் பொருளுக்கும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்ட்ராய்டு 7.0 வந்த 2016-லிருந்து பல போன்களில் சிஸ்டத்துக்கு இரண்டு இடம் ஒதுக்குகிறார்கள். ஒன்றில் போன் ஓடும்போதே இன்னொன்றில் புதியதை எழுதி, எழுந்தால் அதில் எழும், இல்லையென்றால் பழையதற்குத் திரும்பும். சில ஸ்மார்ட் ப்ளக்குகளிலும் இதே ஏற்பாடு உண்டு. சின்னச் சிப் வைத்த கேமராவில் இரண்டு பிரதிக்கு இடம் இருக்காது. காசை மிச்சம் பிடித்த இடம் அதுதான். உங்கள் கேமரா எந்த வகை என்று பெட்டியில் போட்டிருக்க மாட்டார்கள், ஒரே இடம்தான் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

முதலில் கேமராவின் அடாப்டரைப் பாருங்கள். அதன் ஒட்டுத்தாளில் Output 5V என்று இருந்தால் வேலை சுலபம். முழுச் சார்ஜில் உள்ள நல்ல பவர் பேங்க் ஒன்றில், அடாப்டரோடு வந்த அதே கேபிளால் கேமராவை மாட்டுங்கள். மாட்டும்போது கேமரா ஒருமுறை அணைந்து எழும், அது பரவாயில்லை. ஐந்து நிமிடம் படம் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்த பிறகே அப்டேட் பட்டனை அழுத்துங்கள். ஒட்டுத்தாளில் 12V என்று இருந்தால் சாதாரணப் பவர் பேங்க் ஆகாது, கடை இன்வெர்ட்டரில்தான் போட வேண்டும். இன்வெர்ட்டரில் UPS, ECO என்று ஸ்விட்ச் இருந்தால் UPS பக்கம் வையுங்கள். ECO-வில் கரண்ட் மாறும் இடைவெளி கூடுதல், அதில் கேமரா ரீஸ்டார்ட் ஆகிவிடலாம்.

பெரும்பாலான வைஃபை கேமராக்களில் ஃபைல் உங்கள் போன் வழியாகப் போவதில்லை. கேமராவே ரவுட்டர் மூலம் கம்பெனி சர்வரிலிருந்து இறக்கிக்கொள்ளும், போன் உத்தரவு மட்டும் கொடுக்கும். அதனால் நீங்கள் வேலூர் லாங் பஜாரில் சரக்கு எடுத்துக்கொண்டிருக்கும்போதும் அந்தப் பட்டன் வேலை செய்யும். அங்கிருந்து அழுத்தாதீர்கள். கேமராவின் விளக்கு கண்ணில் படும் தூரத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை இது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு அறிவித்த நாளையும், இடி மழை பிடிக்கும் சாயங்காலத்தையும் தவிர்த்துவிடுங்கள். கடை திறந்த காலை நேரம் நல்லது.

பட்டனை அழுத்தியதும் சதவீதம் ஓடும். இங்கேதான் பலருடைய கேமரா போகிறது. எழுதும் கட்டம் வந்ததும் கேமரா வைஃபையை விட்டுவிடும். ஆப்பில் Offline என்று காட்டும், சில நேரம் 99-ல் நின்றுபோகும், சில நேரம் ‘தோல்வி’ என்றே சொல்லிவிடும். உடனே ‘தொங்கிவிட்டது’ என்று ப்ளக்கைப் பிடுங்குகிறார்கள். ஆபத்தான ஒன்றரை நிமிடத்தில் மின்வாரியம் செய்யாததைக் கை செய்துவிடுகிறது. ஆப் என்ன சொன்னாலும் அரை மணி நேரம் கேமராவைத் தொடாதீர்கள். அதன் பிறகு ஆப்பை முழுவதுமாக மூடித் திறந்து, கேமராவின் Device Info பக்கத்தில் உள்ள பதிப்பு எண்ணைப் பாருங்கள். தோல்வி என்று காட்டிய பிறகும் எண் மாறியிருப்பது சகஜம், ஆப் காத்திருந்து அலுத்துப்போனதுதான் காரணம். ஆகவே தொடங்கும் முன்பே பழைய எண்ணை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண் மாறியிருந்தால், நேற்றைய பதிவு ஓடுகிறதா, தேதி நேரம் சரியா, இரவில் கறுப்பு வெள்ளைப் படம் வருகிறதா என்று ஒரு நாள் பாருங்கள். மறுநாள் இரண்டாவது கேமராவுக்குப் போடுங்கள். இரண்டையும் சேர்த்து அப்டேட் செய்ய ஆப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏனென்றால் புதிய ஃபர்ம்வேர் பிடிக்கவில்லை என்று பழையதற்குத் திரும்புவது பெரும்பாலும் நடக்காது. பழைய ஓட்டைகள் வழியாக யாரும் நுழையக் கூடாது என்று கம்பெனிகளே அந்தக் கதவை மூடிவிடுகின்றன. ரீசெட் பட்டனை அழுத்தினால் பழைய ஃபர்ம்வேர் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ரீசெட் அழிப்பது வைஃபை பாஸ்வேர்டு போன்ற உங்கள் அமைப்புகளை மட்டும். ஃபர்ம்வேர் புதியதாகவே இருக்கும்.

அப்படியானால் போடாமலே விட்டுவிடலாமே என்றால், அப்டேட் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். புதிய வசதி மட்டும் என்றால் மாதக் கணக்கில் தள்ளிப்போடலாம். security என்ற சொல் இருந்தால் அந்த வாரமே போட்டுவிடுங்கள். கேமரா இருபத்து நாலு மணி நேரமும் இணையத்தில் கிடக்கும் கம்ப்யூட்டர். 2016-ல் மிராய் என்ற தீநிரல் ஏராளமான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்து இணையச் சேவைகளை முடக்கியது. அது நுழைந்தது கம்பெனி போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டதால். அதை எந்த அப்டேட்டும் உங்களுக்காக மாற்றித் தராது, நீங்களே மாற்றுங்கள்.

மச்சான் கேமராவைக் குப்பையில் போட வேண்டாம். முதலில் அதே Output அளவுள்ள வேறு அடாப்டரில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், செத்தது அடாப்டராகவே இருக்கலாம். அதற்கும் விளக்கே எரியவில்லை என்றால், கேமராவை எழுப்பும் முதல் சிறு புரோகிராமே அழிந்திருக்க வாய்ப்பு அதிகம். விளக்கு ஒரே நிறத்தில் அசையாமல் நின்றால் அந்தப் புரோகிராம் பிழைத்திருக்கிறது, மேலே உள்ளது மட்டும் போயிருக்கிறது. சில மாடல்களில் இதற்கு வழி உண்டு. 32 ஜிபிக்கு மேற்படாத மெமரி கார்டை FAT32-ல் ஃபார்மேட் செய்து, கம்பெனி தளத்தில் கிடைக்கும் ஃபைலை அவர்கள் சொன்ன பெயரிலேயே போட்டு, ரீசெட் பட்டனை அழுத்தியபடி கரண்ட் கொடுத்தால் அதிலிருந்து எழும். மாடல் எண்ணோடு V1, V2 என்ற ஹார்டுவேர் எண்ணும் ஒட்டுத்தாளில் இருந்தால் இரண்டும் பொருந்த வேண்டும். V2-வின் ஃபைலை V1-ல் போட்டால் எழுந்திருக்க வேண்டியதும் எழாது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஃபைல் வேண்டவே வேண்டாம்.

அதுவும் ஆகாவிட்டால், வாரண்டி இருக்கும்வரை திறக்காமல் பில்லோடு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வாரண்டி முடிந்திருந்தால் சிப்பைக் கழற்றி புரோகிராமரில் எழுதித் தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கொடுக்கும் முன் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: சிப்பில் மிச்சம் இருப்பதைப் படித்துச் சேமித்துக்கொண்டுதான் எழுதுவாரா என்று. பல மாடல்களில் அந்தக் கேமராவின் அடையாள எண்ணும் சாவியும் அதே சிப்பில்தான் இருக்கின்றன. வேறொரு கேமராவிலிருந்து எடுத்த நகலை அப்படியே எழுதினால் கேமரா எழும், விளக்கு எரியும், ஆனால் ஆப்பில் சேர்க்கப் போனால் அது வேறொருவருடைய கேமரா என்று சொல்லும்.